5.4.5-ஆ, 5.6.1-ஆ?

2024 மார்ச் 29, புனித வெள்ளி. பல நாடுகளில் விடுமுறை. ஆனால் உலகம் முழுக்க லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் ஆட்கள் அன்றும் மறுநாளும் டெர்மினலைத் திறந்து ஒரே வரியைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

```
$ xz --version
xz (XZ Utils) 5.4.5
liblzma 5.4.5
```

இப்படி வந்தால் நிம்மதியாகப் படுக்கப் போகலாம். 5.4.5 இருக்கும் இடத்தில் 5.6.0 என்றோ 5.6.1 என்றோ வந்தால் லீவை மறந்துவிட்டு வேலைக்கு உட்கார வேண்டியதுதான்.

`xz` என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. ஜிப் செய்கிற அதே வேலையை இன்னும் இறுக்கமாகச் செய்யும். கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் கணினியிலும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதைக் கையால் தொட்டவர்கள் குறைவு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர், தன் டெபியன் கணினியில் ரிமோட் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் எடுப்பதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விட்டுவிடாமல் தோண்டிக்கொண்டே போனவர், `xz`-இன் லைப்ரரிக்குள் யாரோ கொல்லைப்புறக் கதவு வைத்திருப்பதைக் கண்டுபிடித்து அன்று பகிரங்கமாக எழுதினார். சரியான சாவி வைத்திருப்பவர் அந்தக் கதவு வழியே சர்வருக்குள் நுழைந்து நினைத்ததைச் செய்யலாம். கதவு இருந்தது இரண்டே வெளியீடுகளில்: பிப்ரவரி 24-இல் வந்த 5.6.0, மார்ச் 9-இல் வந்த 5.6.1.

அந்தச் சதியைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அன்றைக்கு எல்லோரும் கேட்ட கேள்வியையும், வந்த பதிலை எப்படிப் படிப்பது என்பதையும் பற்றி யாரும் அவ்வளவாக எழுதவில்லை. கணினியில் எதையாவது நிறுவுகிற, பழுது பார்க்கிற எவருக்கும் அது தினமும் வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் கட்டளையைப் பார்ப்போம். வரியின் தொடக்கத்தில் இருக்கும் `$` குறியைத் தட்ட வேண்டாம். டெர்மினல் நம் கட்டளைக்குக் காத்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. கருவியின் பெயர், ஒரு இடைவெளி, இரண்டு சிறுகோடுகள், `version` என்ற சொல், அவ்வளவுதான். கருவி தன் வேலை எதையும் தொடங்காமல், தான் யார் என்று மட்டும் சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளும்.

இந்த வழக்கத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. தங்கள் நிரல்கள் எல்லாம் `--version`, `--help` இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று க்னூ திட்டத்தின் நிரல் எழுதும் விதிகள் சொல்கின்றன. பதிலின் முதல் வரி எப்படி இருக்க வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது: கருவியின் பெயர் முதலில், அது ஒரு பெரிய தொகுப்பின் அங்கமென்றால் தொகுப்பின் பெயர் அடைப்புக்குறிக்குள், கடைசி இடைவெளிக்குப் பிறகு பதிப்பு எண். மேலே `xz` தந்த முதல் வரியை இன்னொரு தடவை பாருங்கள். அச்சு அசலாக அப்படியே இருக்கும். மனிதர் மட்டுமல்ல, இன்னொரு நிரலும் அந்த வரியைப் படித்து எண்ணைப் பிரித்தெடுக்க முடியவேண்டும் என்பதற்காக வைத்த ஒழுங்கு அது.

க்னூவுக்கு வெளியே இந்த ஒழுங்கு கிடையாது. அவரவர் இஷ்டம். `go` மொழிக்கு `go version` என்று கோடே இல்லாமல் கேட்க வேண்டும். `ffmpeg`-க்கு ஒற்றைக் கோடு, `ffmpeg -version`. ரிமோட் லாகினுக்கான `ssh`, பெரிய எழுத்தில் `ssh -V` என்றால்தான் பதிப்பைச் சொல்லும். மேக் கணினியில் கூடவே வரும் `sed`-இடம் `--version` என்று கேட்டால் அப்படி ஒரு ஆப்ஷனே எனக்குத் தெரியாது என்று எரிந்துவிழும். அது க்னூ வம்சம் அல்ல, பிஎஸ்டி வம்சம்.

இதில் அதிகம் பேரை இடறிவிடுவது சின்ன `-v`. நோட், பிஎச்பி, பெர்ல் மூன்றிலும் சின்ன `-v` பதிப்பைக் காட்டும். அந்தப் பழக்கத்தில் `python3 -v` என்று தட்டினால் திரை நிறைய வரிகள் ஓடி, கடைசியில் `>>>` என்று பைத்தான் உங்கள் கட்டளைக்குக் காத்து நிற்கும். பைத்தானுக்கு `-v` என்றால் 'நீ செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்' என்று பொருள். `exit()` என்று தட்டி வெளியே வந்து, `python3 -V` அல்லது `python3 --version` என்று கேட்க வேண்டும். `grep`-க்கோ `-v` என்றால் முற்றிலும் வேறு வேலை: பொருந்தாத வரிகளைப் பொறுக்கி எடுப்பது. அதனால் தெரியாத கருவியிடம் முதலில் `--version`. அது பலிக்காவிட்டால் `-V`. அதுவும் இல்லையென்றால் `--help`. சின்ன `-v`-ஐக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாவாவில் ஒரு தனி விசித்திரம் உண்டு. `java -version` என்று ஒற்றைக் கோட்டில் கேட்டால் விடை திரையில் நன்றாகத் தெரியும். அதையே ஒரு கோப்பில் சேமிக்கலாமென்று `java -version > v.txt` என்று போட்டால் கோப்பு காலி, விடை மறுபடியும் திரையில். வழக்கமான வெளியீட்டுப் பாதையை விட்டுவிட்டு, பிழைச் செய்திகளுக்கான பாதையில் ஜாவா அதை அனுப்புவதுதான் காரணம். ஜாவா 9 முதல் இரட்டைக் கோடு போட்ட `java --version` வந்தது. அது வழக்கமான பாதையில் பேசும். பதிப்பைத் தானாகச் சோதிக்க ஸ்கிரிப்ட் எழுதியவர்களில் 'ஜாவாவே நிறுவப்படவில்லை' என்ற பொய்த் தகவலைப் பெற்றுக் குழம்பியவர்கள் உண்டு.

சரி, விடை வந்துவிட்டது. 5.4.5. இதைப் படிப்பது எப்படி?

இந்த மூன்று எண்களுக்கு ஒரு பொதுப் பொருள் இருக்கிறது. கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் அதை 'செமான்டிக் வெர்ஷனிங்' என்ற பெயரில் விதிகளாக எழுதிவைத்தார். முதல் எண் மேஜர்: அது கூடினால், பழைய பதிப்பை நம்பி நீங்கள் எழுதியது ஏதாவது உடையக்கூடும். நடு எண் மைனர்: புதிய வசதிகள் வந்திருக்கின்றன, பழையவை அப்படியே வேலை செய்யும். கடைசி எண் பேட்ச்: புதிதாக ஒன்றுமில்லை, ஓட்டைகள் அடைக்கப்பட்டிருக்கின்றன. இடதுபுற எண் ஒன்று கூடும்போது அதன் வலதுபுறம் இருப்பவை பூஜ்யத்துக்குத் திரும்பும், 5.4.9-க்குப் பிறகு மைனர் கூடினால் 5.5.0. முதல் எண் பூஜ்யமாகவே இருந்தால், 0.7.2 என்பதுபோல, இன்னும் எந்த உத்தரவாதமும் தரவில்லை என்று அர்த்தம். எதுவும் எப்போதும் மாறலாம்.

இந்த விதிகளை ஏற்பதும் ஏற்காததும் உருவாக்குபவர் விருப்பம். லினக்ஸ் கெர்னல் 2011-இல் 2.6.39-இலிருந்து 3.0-க்குத் தாவியது. அதில் புரட்சிகரமாக எதுவும் இல்லை, எண்கள் ரொம்பப் பெரிதாகிவிட்டன என்பதுதான் காரணம் என்று லினஸ் டோர்வால்ட்ஸே சொன்னார். '2.6' என்றே எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்த சில நிரல்கள் அந்தத் தாவலில் திணறின. அவற்றை ஏமாற்றுவதற்காக, தன்னை 2.6 வரிசை என்று சொல்லிக்கொள்ளும் ஒரு வசதியைக் கெர்னலிலேயே வைக்க வேண்டிவந்தது. வெறும் எண்தான், ஆனால் அதை நம்பி யாரோ எங்கோ ஒரு `if` எழுதிவைத்திருப்பார்கள்.

`xz` இந்த விதிகளுக்கு அருகில்தான் நடக்கிறது, தனக்கென ஒரு கூடுதல் வழக்கத்தோடு. நடு எண் இரட்டைப்படையாக இருந்தால் அது எல்லோரும் பயன்படுத்தத் தகுந்த வெளியீடு. ஒற்றைப்படை என்றால் சோதனைக்கானது. எனவே 5.2-க்குப் பிறகு 5.4, அதற்குப் பிறகு 5.6. நடுவே 5.3-உம் 5.5-உம் காணாமல் போய்விடவில்லை, அவை பட்டறைக்குள்ளேயே இருந்தவை. மைனர் எண் கூடினால் உண்மையில் என்ன மாறுகிறது என்பதற்கும் இதுவே நல்ல உதாரணம். 2014 டிசம்பரில் வந்த 5.2, கணினியின் பல கோர்களைச் சேர்த்துப் பயன்படுத்தி கோப்பைச் சுருக்கக் கற்றுக்கொண்டது. சுருக்கியதை அதேபோலப் பல கோர்களால் விரிக்கும் திறமை 2022 டிசம்பரில் 5.4-இல்தான் வந்தது. உபுண்டு 22.04-இல் இருப்பது 5.2.5. அதில் ஒரு பெரிய கோப்பை விரிக்க `xz -d -T0` என்று கொடுத்தால் கருவி மறுப்புச் சொல்லாது, பிழைச் செய்தி வராது, ஆனால் ஒரே ஒரு கோர்தான் உழைத்துக்கொண்டிருக்கும். 'அவன் கணினியில் வேகமாக விரிகிறது, என்னுடையதில் ஏன் இழுக்கிறது' என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால் நடு எண்ணைப் பார்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

இனி, படிப்பதில் எல்லோரும் ஒரு தடவையாவது சறுக்கும் இடம். இந்தப் புள்ளிகள் தசமப் புள்ளிகள் அல்ல. பைத்தான் 3.9-க்கு அடுத்து 2021 அக்டோபரில் வந்தது 3.10. பள்ளிக் கணக்கின்படி 3.10 என்பது 3.1; அது 3.9-ஐவிடச் சின்னது. பதிப்புக் கணக்கின்படி நடு எண் 9-லிருந்து 10 ஆகியிருக்கிறது, எனவே பெரியது. கணினியே இதில் தடுமாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்:

```
$ printf '3.9\n3.10\n3.2\n' | sort
3.10
3.2
3.9
$ printf '3.9\n3.10\n3.2\n' | sort -V
3.2
3.9
3.10
```

முதல் தடவை `sort` எழுத்து எழுத்தாக ஒப்பிட்டது. புள்ளிக்குப் பின் வரும் 1, 2-ஐவிடச் சின்னது என்பதால் 3.10-ஐத் தூக்கி மேலே வைத்துவிட்டது. `-V` என்று சேர்த்ததும், இவை பதிப்பு எண்கள் என்று புரிந்துகொண்டு ஒவ்வொரு துண்டையும் தனி முழு எண்ணாக ஒப்பிட்டது. பைத்தான் 3.10 வந்த சமயத்தில் உலகம் முழுக்க இதே கூத்து நடந்தது. தானியங்கிச் சோதனைகளுக்கான அமைப்புக் கோப்பில் `python-version: 3.10` என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதியவர்களுக்கு, அந்தக் கோப்பைப் படிக்கும் நிரல் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு, கடைசிப் பூஜ்யத்தை வெட்டிவிட்டு, 3.1 வேண்டும் என்று தேடப் போனது. `'3.10'` என்று மேற்கோளுக்குள் போடுவதுதான் மருந்து.

`xz`-ஐ எழுதியவர்கள் இந்தச் சிக்கலை முன்பே யோசித்திருக்கிறார்கள். நிரல்கள் படிப்பதற்கென்றே அதில் இன்னொரு ஆப்ஷன் உண்டு:

```
$ xz --robot --version
XZ_VERSION=50040052
LIBLZMA_VERSION=50040052
```

பார்த்தால் போன் நம்பர் மாதிரி இருக்கும். இடமிருந்து உடைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். முதல் இலக்கம் 5, மேஜர். அடுத்த மூன்று இலக்கங்கள் 004, மைனர். அடுத்த மூன்று 005, பேட்ச். கடைசி 2 என்றால் முழுமையான வெளியீடு. அது 0 அல்லது 1 ஆக இருந்தால் சோதனை நிலையில் இருப்பது. நடு எண்ணுக்கு மூன்று இலக்கம் ஒதுக்கியதால், நாளைக்கு 5.10 வந்தாலும் அது 5010 என்று தொடங்கி 5006-ஐவிடப் பெரியதாகவே நிற்கும். கதவு வைக்கப்பட்ட 5.6.1 இந்த முறையில் 50060012.

மார்ச் 29-க்குத் திரும்புவோம். விடையில் ஏன் இரண்டு வரிகள்? முதல் வரி நாம் தட்டும் `xz` என்ற கருவி. இரண்டாவது வரி `liblzma` என்ற லைப்ரரி. சுருக்கும் விரிக்கும் வேலையை உண்மையில் செய்வது லைப்ரரிதான். கருவி அதற்கு ஒரு முகப்பு. கொல்லைப்புறக் கதவு இருந்ததும் லைப்ரரியில்தான். டெபியன், ஃபெடோரா போன்றவற்றில் ரிமோட் லாகின் சர்வர், சிஸ்டம்-டி என்ற இடைத்தரகர் வழியாக இந்த லைப்ரரியைத் தன் நினைவகத்துக்குள் ஏற்றிக்கொள்ளும். அதனால்தான் ஒரு சுருக்கும் கருவியின் பதிப்பு எண் ஒரு சர்வரின் வாசல் பூட்டைத் தீர்மானித்தது. அன்று கண் ஓட வேண்டியது இரண்டாவது வரிக்கு. இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும் என்பதால் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பேட்ச் எண்ணைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 5.6.0-இலிருந்து 5.6.1 என்றால், பொதுப் பொருளின்படி ஓட்டைகளை அடைத்த, கண்ணை மூடிக்கொண்டு ஏற்றக்கூடிய வெளியீடு. நடந்தது வேறு. 5.6.0-இல் வைத்த கொல்லைப்புறக் கதவு, நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் என்ற கருவியில் எச்சரிக்கைகளைக் கிளப்பியது. மாட்டிக்கொள்ளாமல் இருக்க, அந்தச் சத்தத்தை அடக்கி வெளிவந்ததுதான் 5.6.1. திருடனும் தன் வேலைக்குப் பேட்ச் போட்டான். மேஜர், மைனர், பேட்ச் என்பவை உருவாக்குபவர் தரும் வாக்கு; வாக்குக் கொடுப்பவர் ஜியா டான் என்ற பெயரில் வந்த, இன்றுவரை யாரென்று தெரியாத ஆளாக இருந்தால் எண்ணைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

சந்தேகத்துக்குரிய நிரலிடமே போய் நீ யார் என்று கேட்பது சரியா என்ற கேள்வியும் அன்றே எழுந்தது. `xz --version` என்று கேட்டாலும் அந்த நிரல் ஓடத்தான் செய்கிறது. கதவு ரிமோட் லாகின் சர்வருக்குள் மட்டுமே விழித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது. அன்று முதல் சில மணி நேரம் அது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. எனவே கவனமானவர்கள் நிரலை ஓட்டாமல், அதை நிறுவிய பேக்கேஜ் மேலாளரின் பதிவேட்டைப் புரட்டினார்கள். டெபியன், உபுண்டு வகையில் அது இப்படி:

```
$ dpkg-query -W liblzma5
liblzma5:amd64	5.6.1+really5.4.5-1
```

இது அவசர நடவடிக்கைக்குப் பிறகு டெபியனின் சோதனைக் கிளைகளில் கிடைத்த விடை. பார்த்ததும் நெஞ்சு பதறும். 5.6.1 என்றல்லவா தொடங்குகிறது? முழுவதையும் படிக்க வேண்டும். டெபியன் செய்ய வேண்டியிருந்தது பின்வாங்கல்: 5.6.1-ஐ எடுத்துவிட்டு 5.4.5-ஐத் திரும்ப வைப்பது. ஆனால் பேக்கேஜ் மேலாளர் எப்போதும் பெரிய எண்ணை நோக்கித்தான் போகும். 5.4.5 என்று கொடுத்தால், என்னிடம் இருப்பது இதைவிடப் புதியது என்று அலட்சியமாக விட்டுவிடும். எனவே 5.6.1-ஐவிடப் பெரிதாகத் தோன்றும்படி முன்னால் அதையே போட்டு, 'உண்மையில் 5.4.5' என்று பின்னால் ஒட்டினார்கள். கடைசி `-1` என்பது டெபியன் தன் பங்குக்குப் போடும் பேக்கேஜ் எண். `xz --version` என்று கேட்டால் அதே கணினி வெறுமனே 5.4.5 என்று சொல்லும். இரண்டு பதிலும் உண்மைதான். உபுண்டு 24.04 வைத்திருப்பவர்கள் இன்றைக்கே தங்கள் கணினியில் தட்டிப் பார்க்கலாம். அதிலும் அந்த நீண்ட எண்தான் இருக்கிறது, வாலில் உபுண்டுவின் ஒட்டு ஒன்று கூடியிருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான சம்பவம் பத்து வருடம் முன்பு நடந்தது. 2014 ஏப்ரல் 7-இல் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. இணையத்தில் நாம் அனுப்புவதை மறையாக்கும் ஓப்பன்-எஸ்எஸ்எல் லைப்ரரியில், 1.0.1 முதல் 1.0.1f வரை ஆபத்து, 1.0.1g-இல் சரி. (அந்தக் காலத்தில் அவர்கள் பேட்ச் எண்ணுக்குப் பதில் எழுத்து போட்டார்கள்; 3.0-இலிருந்துதான் மூன்று எண் முறைக்கு வந்தார்கள்.) டெபியன் 7 வைத்திருந்தவர் உடனே அப்டேட் செய்துவிட்டு `openssl version` என்று கேட்டால் வந்த விடை:

```
OpenSSL 1.0.1e 11 Feb 2013
```

எழுத்து e, தேதி ஓட்டை வெளியாவதற்கு ஒரு வருடத்துக்கும் முந்தையது. அப்டேட் தோற்றுவிட்டது என்று நினைத்து மீண்டும் மீண்டும் முயன்றவர்கள் ஏராளம். உண்மையில் அந்தக் கணினி பாதுகாப்பாகத்தான் இருந்தது. நிலையான வெளியீடுகளில் டெபியன், உபுண்டு, ரெட்ஹாட் போன்றவர்கள் புதிய பதிப்பைக் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள்; கூடவே வரும் மற்ற மாற்றங்கள் எதையாவது உடைத்துவிடக்கூடும் என்ற பயம். ஓட்டையை அடைக்கும் சில வரிகளை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே தைத்துவிடுவார்கள். கருவி தன்னை 1.0.1e என்றே சொல்லும். தையல் போட்டது பேக்கேஜ் எண்ணின் வாலில்தான் தெரியும். டெபியன் 7-இல் அது `1.0.1e-2+deb7u5`. வாலில் u5 அல்லது அதற்கு மேல் என்றால் அடைத்தாயிற்று. `openssl version -a` என்று கேட்டால் அந்த நிரல் எப்போது கட்டப்பட்டது என்ற தேதியும் வரும். முதல் வரியின் தேதியைவிட அதுதான் அன்று பயன்பட்டது.

இன்றும் பாதுகாப்புத் தணிக்கை என்ற பெயரில் சர்வர்களை வெளியிலிருந்து ஸ்கேன் செய்து, பதிப்பு எண் பழையது, எனவே ஓட்டை என்று பக்கம் பக்கமாக அறிக்கை தருகிறார்கள். அதில் கணிசமானவை இந்த வாலைப் பார்க்காமல் எழுதப்பட்டவை. பதில் எழுத வேண்டியவர் `dpkg-query` விடையை முழுதாக ஒட்டி, அந்தப் பேக்கேஜின் மாற்றக் குறிப்பில் ஓட்டையின் சிவிஇ எண் இருப்பதைக் காட்டினால் போதும்.

இன்னும் இரண்டு இடத்தில் விடை நம்மை ஏமாற்றும். ஒன்று, பதில் சொன்னது எந்தப் பிரதி என்பது. ஒரே கணினியில் ஒரே பெயரில் இரண்டு மூன்று கருவிகள் இருப்பது சகஜம், பைத்தானில் குறிப்பாக.

```
$ type -a python3
python3 is /usr/local/bin/python3
python3 is /usr/bin/python3
```

பெயரை மட்டும் தட்டினால் பட்டியலில் முதலில் இருப்பது பதில் சொல்லும். இரவில் தானாக ஓடும் வேலைக்கோ, எடிட்டரின் ரன் பொத்தானுக்கோ இரண்டாவது கிடைக்கலாம். 'டெர்மினலில் 3.12 என்று காட்டுகிறது, ஆனால் `match` எழுதினால் பிழை வருகிறது' என்று ஒருவர் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், `match` 3.10-இல் வந்தது, அதைப் பிழை என்று சொல்வது வேறொரு பழைய பிரதி. ஒவ்வொன்றையும் முழுப் பாதையோடு கேளுங்கள்: `/usr/bin/python3 --version`. புதிதாக நிறுவிய பிறகும் அதே டெர்மினல் பழைய எண்ணையே சொன்னால், பாஷ் பழைய பாதையை நினைவில் வைத்திருக்கக்கூடும். `hash -r` என்றால் மறந்துவிடும், அல்லது டெர்மினலை மூடித் திறந்தாலும் சரி.

இரண்டாவது, இன்னும் ஆபத்தானது. `--version` சொல்வது வட்டில் இப்போது இருக்கும் கோப்பின் எண். மூன்று மாதத்துக்கு முன் தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர், தான் தொடங்கியபோது நினைவகத்தில் ஏற்றிய பழைய லைப்ரரியோடுதான் ஓடுகிறது. வட்டில் கோப்பை மாற்றினாலும் அதற்குத் தெரியாது. ஹார்ட்ப்ளீட் சமயத்தில் பலர் அப்டேட் செய்துவிட்டு வெப் சர்வரை மறுதொடக்கம் செய்யாமல் போனார்கள்; எண் சரி, ஓட்டை அப்படியே. டெபியன் அடுத்த நாட்களிலேயே u6 என்று இன்னொரு வால் எண்ணில், எந்தெந்தச் சேவைகளை மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்று நிறுவும்போதே கேட்கும்படி மாற்றி வெளியிட்டது. `xz` விஷயத்திலும் 5.4.5-க்குப் பின்வாங்கிய பிறகு ரிமோட் லாகின் சர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீக்கப்பட்ட பழைய கோப்பை யாராவது இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்கலாம்:

```
$ sudo lsof | grep liblzma | grep -E 'DEL|deleted'
```

வெறுமையாகத் திரும்பினால் பழைய பிரதியை யாரும் வைத்திருக்கவில்லை. வரிகள் வந்தால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அந்த நிரலின் பெயர் இருக்கும். அவற்றை மறுதொடக்கம் செய்துவிட்டு இன்னொரு தடவை கேளுங்கள். உபுண்டு சர்வரில் `needrestart` என்ற கருவி இதே வேலையை அப்டேட் முடிந்ததும் தானாகச் செய்து, பட்டியலைக் காட்டிவிடும். அந்தப் பட்டியல் வரும்போது அவசரத்தில் எஸ்கேப் பொத்தானை அழுத்தித் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.